யாழினிக்கு ஒரு மேடைப் பெயர்: ஜெர்மன்காரர் வாயில் நுழையவும் வேண்டும், அம்மம்மாவுக்கு விளங்கவும் வேண்டும்

ஹம்_அப்பா

வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பதினேழு வயது, பெயர் யாழினி. சங்கீதம் ஏழு வருடம் படித்தாள். இப்போது ஆர் அண்ட் பி மாதிரிப் பாடல்களைத் தானே எழுதி, ஜெர்மனிலும் தமிழிலும் கலந்து பாடுகிறாள். கோடை விடுமுறைக்குப் பிறகு முதல் பாடலை வெளியிடப் போகிறாள்.

பிரச்சினை பெயர். கடவுச்சீட்டில் Yarlini என்று இருக்கிறது, அதற்குப் பின்னால் பதினாறு எழுத்தில் என் அப்பாவின் பெயர். போன மாதம் ஒரு ஊர் விழாவில் மேடைக்கு அழைத்தவர் தாளைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், "அடுத்து வருவது... யா..." என்று சொல்லிச் சிரித்துவிட்டு, "வாருங்கள்" என்று கையைக் காட்டினார். பிள்ளை சிரித்தபடிதான் ஏறினாள். வீட்டுக்கு வந்து, "அப்பா, எனக்கு வேறு பெயர் வேண்டும்" என்றாள்.

வெள்ளைக்காரப் பெயர் வைக்க அவளுக்கும் விருப்பமில்லை. இங்குள்ளவர்கள் தடுமாறாமல் சொல்ல வேண்டும், ஆனால் நம்முடைய பெயர் என்பதும் தெரிய வேண்டும். என்ன செய்யலாம்?

மியூனிக் செந்தில்

சார், இது ரொம்ப சுலபம். ஜெர்மனில் J எழுத்துக்கு 'ய' ஓசை. Jalini என்று எழுதுங்கள். எல்லாரும் யாலினி என்று வாசிப்பார்கள். ழ போனால் போகட்டும், அவர்களுக்கு அது எப்படியும் வராது. வேலை முடிந்தது.

அடையாறு கீதா

வாழ்த்துகள்! பெயர் வைக்கும்போது பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய முதல் எழுத்து பார்த்தீர்களா? கூட்டு எண்ணும் முக்கியம். என் தங்கை பையனுக்கு ஒரு எழுத்து சேர்த்ததும்தான் எல்லாம் சரியாச்சு. Yaaliney என்று போட்டால் எண் நன்றாக வரும் என்று தோன்றுகிறது. குழந்தைக்கு எத்தனை மாதம்?

ஹம்_அப்பா

கீதா அக்கா, குழந்தை என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். மேடைப் பெயரைத்தான் தேடுகிறோம். :)

மிக்சர் குமரன்

கொலோனில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. பதினைந்து வருடத்தில் இந்தப் பெயர்ச் சிக்கலைப் பல தடவை பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கீதா அவர்கள் சொன்ன Yaaliney. ஜெர்மனில் ey என்பதை 'ஐ' என்றுதான் வாசிப்பார்கள், Meyer மாதிரி. பிள்ளை 'யாலினை' ஆகிவிடுவாள். எண் எவ்வளவு நல்லதாக வந்தாலும் சரி.

செந்தில் சொன்னது பாதி சரி. Jalini என்றால் ஜெர்மனியில் யாலினி. ஆனால் பாட்டு ஜெர்மனியோடு நிற்காதே. டொரண்டோவிலும் லண்டனிலும் நம் பிள்ளைகள் அதை ஜாலினி என்று வாசிப்பார்கள். நம் பெயரை நம் ஆட்களே தப்பாகச் சொல்வதற்கு வழி செய்துகொடுத்த மாதிரி ஆகும்.

அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். எல்லோரும் ழ, ண, ள என்று மெய்யெழுத்தையே பார்க்கிறார்கள். ஜெர்மன் வாயில் உண்மையில் உடைவது குறில் நெடில்தான். அவர்கள் பெயரில் ஓர் இடத்தை அழுத்திச் சொல்வார்கள். பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசை. அழுத்தின இடத்தில் உயிருக்குப் பின் ஒரே மெய் இருந்தால் அது நீண்டுவிடும். அதனால்தான் யாழினி அவர்கள் வாயில் 'யாலீனி' ஆகிறது. இதே விதியை மற்றப் பெயர்களுக்கும் போட்டுப் பாருங்கள். Nila என்று எழுதினால் 'நீலா' என்று வாசிப்பார்கள், நிலவு நீலமாகிவிடும். Kavi என்று ஒரு பையன் எங்கள் கூடத்துக்கு வந்தான். அறிவிப்பாளர் மூன்று தடவையும் 'காவி' என்றே சொன்னார். கவிஞன் சாமியாராகிவிட்டான்.

மெய்யை இரட்டித்தால் அதற்கு முந்திய உயிர் குறுகும். Kanni என்று எழுதினால் ஜெர்மன்காரர் அழகாகக் 'கனி' என்பார். ஆனால் தமிழர்கள் 'கன்னி' என்று வாசிப்பார்கள். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் இடிக்கும்.

ஆகவே என் வழி இதுதான்: பெயரை வளைக்கப் பார்க்காதீர்கள், வளையாத பெயரைத் தேடுங்கள். முதல் அசை நெடிலாக உள்ள இரண்டு அசைப் பெயர். மாயா, மீனா, தாரா மாதிரி. அவர்கள் நீட்டுகிற இடமும் நாம் நீட்டுகிற இடமும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை.

பாரிஸ் அக்கா

பிரான்சிலே எங்கள் கதையைக் கேளுங்கள். மகன் ஹரிஷ். இவர்களுக்கு H என்றால் ஊமை எழுத்து. பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அரிஷ் ஆகிவிட்டான். அவன் ராப் பாடத் தொடங்கியபோது H-ஐ வெட்டிவிட்டு Arish என்றே போட்டுக்கொண்டான். அவனுடைய பாட்டிக்கு மட்டும் கோபம். "ஹரி போய் அரி வந்துட்டானா" என்று கேட்டார். நான், "அரி என்றாலும் பெருமாள்தானே" என்று சொல்லி ஆற்றினேன். நீங்களும் எதை வெட்டலாம் என்று பாருங்கள் தம்பி.

ஆசிரியை ராணி

நான் இங்கே சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறேன். யாழ் என்றால் நரம்புக் கருவி, ஊர்ப்பெயரும் அதுவே. அதில் ழ-வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஜெர்மன்காரர்கள் நீட்ஷே என்ற பெயரை நமக்காகச் சுருக்கினார்களா? நாம் கற்றுக்கொள்ளவில்லையா? Yazhini என்று எழுதுங்கள், அவர்கள் பழகட்டும்.

மிக்சர் குமரன்

ராணி ரீச்சர், உங்கள் கோபம் நியாயம். ஆனால் Yazhini இங்கே வேலைக்கு ஆகாது. ஜெர்மனில் z என்பது 'ட்ஸ்'. 'யாட்ஸ்ஹினி' என்று தும்முவார்கள். zh என்ற வழக்கம் தெரிந்தவனுக்குத்தான் அது ழ. நீட்ஷேயின் எழுத்துகளை வாசிக்க அவர்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது, அதைக் கற்றோம். நம் ழ-வுக்கு ரோமன் எழுத்தில் நாமே ஒரு விதிக்கு வரவில்லையே. தமிழ்நாட்டில் zh, நம்மிடம் rl, சிலர் வெறும் l.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாமே ழ-வைப் பெரும்பாலும் ள என்றுதான் சொல்கிறோம். கோபிக்காதீர்கள்.

ஆசிரியை ராணி

கோபம் இல்லை. வகுப்பில் நான் அதைத் திருத்துகிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மியூனிக் செந்தில்

லண்டன் ராப் பாடகி M.I.A. எல்லாம் இப்படி யோசித்தாரா? மூன்று எழுத்து, முடிந்தது. இவ்வளவு இலக்கணம் தேவையா?

மிக்சர் குமரன்

அவர் நன்றாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன். இயற்பெயர் மாதங்கி. மேடைப் பெயரில் அது இல்லை. ஆனால் 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு Arular என்று அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார். 2013இல் Matangi என்று தன் பெயரையே ஒரு ஆல்பத்துக்கு வைத்தார், அதுவும் th-இல் h இல்லாமல். பெயரில் வராத வேர் ஆல்பத்தின் தலைப்பில் வந்தது.

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் பாடகி பிரியா ராகு. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதியில் வளர்ந்தவர். நீண்ட குடும்பப் பெயரை Ragu என்று வெட்டிக்கொண்டார். அந்தப் பக்கம் Ragout என்று ஒரு இறைச்சிக் குழம்பு உண்டு, உச்சரிப்பு கிட்டத்தட்ட அதேதான். அதனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. 2021இல் வந்த தொகுப்புக்கு damnshestamil என்று பெயர், கூட வேலை செய்த அண்ணன் Japhna Gold என்ற பெயரில் இருக்கிறார். அதற்கு மேல் என்ன வேர் வேண்டும்?

இன்னொரு எச்சரிக்கை: பாடகி தீ எழுதுகிற Dhee மாதிரி ஆங்கில வழக்கில் எழுதாதீர்கள். அவர் சிட்னியில் வளர்ந்தவர், ஆங்கில நாட்டில் ee என்றால் ஈ. இங்கே ee என்றால் ஏ. தேநீருக்கு Tee என்று எழுதி 'டே' என்கிறார்கள் அல்லவா? தீ இங்கே 'டே' ஆகிவிடும்.

ஹம்_அப்பா

குமரன் அண்ணா, நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு இரவு உட்கார்ந்து பட்டியல் போட்டோம். யாழ் என்பதை Yaal என்று எழுதலாம் என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். Aal என்றால் ஜெர்மனில் விலாங்கு மீனாம். உமா என்ற செல்லப் பெயரும் இருக்கிறது, அதை வைத்தால் Oma, பாட்டி என்று கூப்பிடுவார்களாம்.

கடைசியில் அவளே ஒன்று சொன்னாள்: Yali. சின்ன வயதில் நாங்கள் கூப்பிட்டது அப்படித்தான், யாழி. அம்மம்மா அதைக் கேட்டு, "யாளியா? கோயில் தூணில் நிற்குமே, சிங்க முகமும் தும்பிக்கையும், அதுவா?" என்றார். அதுவும் பிடித்துப் போய்விட்டது. எழுத்து நான்கு, நெடில் முதலில். சரிதானே?

மிக்சர் குமரன்

அருமை. யா நீளும், லி குறுகும், தமிழிலும் ஜெர்மனிலும் ஒன்று. ஆனால் முடிவெடுக்க முன் இரண்டு பக்கமும் சோதியுங்கள். தாளில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்வது ஒரு பக்கம். வாயால் சொல்லி எழுதச் சொல்வது மறுபக்கம். இந்த இரண்டாவதை யாரும் செய்வதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். வானொலியிலோ விழாவிலோ காதால் கேட்டவன்தான் வீட்டுக்குப் போய்த் தேடல் பெட்டியில் தட்டுவான். தமிழ் தெரியாத ஆறு பேர் போதும், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. பழைய பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கவினின் அம்மா

குறுக்கே வருகிறேன். நான்கு எழுத்துப் பெயர் என்றதும் எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகன் போன வருடம் Kavin என்று ஒரு பாட்டை விட்டான். பாட்டைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் வழியாகத்தான். வெளிவந்த அன்று காலையில் அவனுடைய பக்கத்தில் பாட்டு இல்லை. தேடிப் பார்த்தால் எங்கோ இருக்கிற வேறொரு Kavin-இன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது! அந்த ஆளின் படம், அவனுடைய பழைய பாட்டுகள், நடுவில் என் பிள்ளையின் அட்டைப்படம். நண்பர்களுக்கு அனுப்பிய இணைப்பெல்லாம் அவனுக்கே போனது. மாற்றி எடுக்க மூன்று வாரம். அதற்குள் பாட்டு ஆறிவிட்டது.

மிக்சர் குமரன்

இது அடிக்கடி நடக்கிறது. பாட்டை ஏற்றும்போது கலைஞர் பெயரைத் தட்டினால், ஏற்கெனவே அந்தப் பெயரில் உள்ள பக்கங்கள் வரும். அவசரத்தில் முதலாவதைத் தொட்டால் முடிந்தது. சில இடங்களில் கேட்காமலே பெயரை வைத்துப் பொருத்திவிடுவார்கள். முதல் பாட்டுக்குப் 'புதிய கலைஞர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கம் உருவானதும் அதற்கு ஓர் அடையாளக் குறி கிடைக்கும், ஸ்பாட்டிஃபையில் `spotify:artist:` என்று தொடங்கும். அடுத்த பாட்டிலிருந்து அந்தக் குறியையே கொடுக்க வேண்டும். வெளியிடும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட்டால் தப்பைக் கண்டுபிடிக்க நேரம் இருக்கும்.

Yali-யை நான் தேடிப் பார்த்தேன். தனியாக வைத்தால் நெரிசல். துருக்கி மொழியில் yalı என்றால் கடலோர மாளிகை. ஜெர்மனியில் துருக்கியர் எவ்வளவு பேர், தெரியும்தானே. பின்னால் இன்னொரு சொல் வேண்டும்.

ஹம்_அப்பா

சோதனை முடிந்தது. மகளின் வகுப்பில் நான்கு பேர், என் வேலையிடத்தில் இரண்டு பேர்.

Yarlini-யைத் தாளில் பார்த்து ஐந்து பேர் 'யாலீனி' என்றார்கள், ஒருவர் மட்டும் r-ஐச் சொன்னார். காதால் கேட்டு எழுதச் சொன்னபோது நான்கு பேர் Jalini, ஒருவர் Jahlini, ஒருவர் Yalini. Yarlini என்று ஒருவர்கூட எழுதவில்லை!

Yali-யை ஆறு பேரும் சரியாக வாசித்தார்கள். ஆனால் கேட்டு எழுதும்போது மூன்று பேர் Jali, மூன்று பேர் Yali.

மியூனிக் செந்தில்

பார்த்தீர்களா, J. நான் அப்போதே சொன்னேன்.

மிக்சர் குமரன்

சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மன் காதுக்கு 'ய' என்றால் முதலில் J-தான். பாதிப் பேர் Jali என்று தட்டுவார்கள் என்பதை மறைக்க முடியாது. Yarlini-யில் r ஏன் காணாமல் போகிறது என்பதும் தெளிவாகிவிட்டது. ஜெர்மனில் a-வுக்குப் பின்னால் வரும் r பேச்சில் கரைந்துவிடும். கேட்காததை எப்படி எழுதுவார்கள்?

அதனால் இரண்டாவது சொல்தான் காப்பாற்ற வேண்டும். யாருக்கும் எழுத்துப் பிழை வராத, தேடினால் கைக்கு அகப்படுகிற சொல். எனக்குத் தோன்றுவது Nallur. இரட்டை l இருப்பதால் 'ந' குறிலாகவே நிற்கும். கடைசி ur-ஐ அவர்கள் Natur, Kultur என்று நீட்டிப் பழகியவர்கள், அதனால் தானாகவே 'லூர்' என்று வரும். நல்லூர் என்பதை நம்மைப் போலவே சொல்வார்கள். Yali Nallur. முதல் பாதியை Jali என்று தப்பாகத் தட்டினாலும் பின்பாதி இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஆசிரியை ராணி

அழகாக இருக்கிறது. ஆனால் கோயில் இருக்கிற ஊரின் பெயரை இரவு விடுதிச் சுவரொட்டியில் போடுவதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன், சொல்லி வைக்கிறேன்.

ஹம்_அப்பா

அண்ணா, ஒரு சிக்கல். நாங்கள் நல்லூர் இல்லை. இணுவில். நல்லூர் என் மாமியார் பக்கம். இணுவில் என்றால் தவில், நாதஸ்வரக் குடும்பங்களுக்குப் பேர்போன இடம், பாட்டுக்கார பிள்ளைக்கு அதுதானே பொருத்தம்? Yali Inuvil என்று போட முடியாதா?

கவினின் அம்மா

Inuvil என்றால் தலைவலி மாத்திரை மாதிரி இருக்கிறதே. மன்னிக்கவும்!

மிக்சர் குமரன்

:) மாத்திரை போகட்டும். அந்த v-தான் உதைக்கும். ஜெர்மனில் v சில சொல்லில் 'ஃப', சில சொல்லில் 'வ'. Vater என்றால் ஃபாட்டர், Vase என்றால் வாஸே. புதுச் சொல்லைப் பார்த்தால் எது என்று அவர்களுக்கே தெரியாது. 'இனூஃபில்' என்று பாதிப் பேர் சொல்வார்கள். Inuwil என்று எழுதினால் ஜெர்மனியில் சரி, ஆனால் ஊர்க்காரர்களே இது எந்த ஊர் என்று கேட்பார்கள். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், உங்கள் குடும்ப விஷயம்.

பாரிஸ் அக்கா

தாய் வழி ஊர் என்றால் வேர் இல்லையா தம்பி? பிள்ளையைத் தூக்கி வளர்த்தது மாமியார்தானே?

மியூனிக் செந்தில்

பெயரைப் பாஸ்போர்ட்டிலும் மாற்ற வேண்டுமா? ஒப்பந்தம், வங்கி எல்லாம்?

மிக்சர் குமரன்

வேண்டாம். வங்கியும் ஒப்பந்தமும் இயற்பெயரிலேயே. பதினெட்டு ஆகும்வரை அப்பா அம்மா சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது, அதையும் கவனியுங்கள். சொந்தமாகப் பாட்டு எழுதுவதால், பாட்டு உரிமைப் பணத்தை வசூலித்துத் தரும் GEMA-வில் சேரும்போது மேடைப் பெயரையும் புனைபெயராகப் பதியலாம், பணம் இயற்பெயருக்கு வரும். ஜெர்மன் குடியுரிமை இருந்தால் அடையாள அட்டையில் Künstlername, அதாவது கலைஞர் பெயர், என்று ஒரு இடம் உண்டு. ஆனால் முதல் பாட்டு விட்ட மறுநாள் போய்க் கேட்டால் தர மாட்டார்கள். அந்தப் பெயரில் வெளியில் அறியப்பட்டவர் என்பதற்குச் சுவரொட்டி, பத்திரிகைச் செய்தி, ஒப்பந்தம் என்று காட்ட வேண்டும்.

வணிகக் குறியாக இப்போதே பதிய வேண்டிய அவசரம் இல்லை. இணையவழி விண்ணப்பத்துக்கு 290 யூரோ, மூன்று பொருள், சேவை வகைகள் அதில் அடங்கும். ஆனால் வணிகக் குறி அலுவலகத்தின் இணையப் பதிவேடான DPMAregister-இல் வேறு யாராவது அந்தப் பெயரை வைத்திருக்கிறார்களா என்று தேடுவது இலவசம். அதை இன்றே செய்யுங்கள்.

ஹம்_அப்பா

தேடினேன், Yali Nallur என்று யாரும் இல்லை. இதற்கு மேல் அவளே எழுதுகிறாள்.

வணக்கம், நான் யாழினி. எல்லாவற்றையும் வாசித்தேன், அப்பா சில சொற்களை விளக்கினார். Yali நிச்சயம். Nallur எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அப்பப்பா இணுவில் தவிலைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் நான் பாட வந்தேன், அதனால் அவருக்கு இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லப் போகிறோம். அட்டைப்படத்தில் கீழே தமிழில் 'யாழி' என்று எழுதுவேன், ழ-வோடு. ராணி ரீச்சர், அந்த ழ-வின் வால் என் கையெழுத்தில் எப்போதும் கோணலாக வருகிறது. ஒன்று எழுதிப் படம் எடுத்து அனுப்புவீர்களா?

ஆசிரியை ராணி

இன்று பின்னேரம் அனுப்புகிறேன் பிள்ளை. பேனாவாலா, தூரிகையாலா?